புதிய கூட்டாளி சேரும்போது நற்பெயர்த் தொகை யாருக்கு எவ்வளவு?

கூட்டாண்மைக் கணக்கில் புதிய கூட்டாளி சேரும் கேள்விகளில், நற்பெயரின் மதிப்பைச் சரியாகக் கண்டுபிடித்த மாணவர்கள்கூட அதைப் பிரிக்கும் இடத்தில் தவறுறாங்க. அந்த இடத்தை மட்டும் இங்கே பார்ப்போம். (குட்வில் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'நற்பெயர்' என்கிறது; இலங்கையில் 'நன்மதிப்பு' என்பார்கள்.)

புக்கிட் தெங்காவில் ஒரு வாகன உதிரிபாகக் கடை என்று வைத்துக்கொள்வோம். க, ச இருவரும் கூட்டாளிகள். இலாபப் பகிர்வு 3:2. இப்போது த சேர்கிறார். புதிய விகிதம் 5:3:2. நற்பெயர், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தைப் போல் 2 மடங்கு.

முதலில் மதிப்பு

மூன்று ஆண்டு இலாபம்: 40,000, 56,000, 47,000 ரிங்கிட். இரண்டாம் ஆண்டு இலாபத்தில், பழைய லாரியை விற்றதில் கிடைத்த 8,000 ரிங்கிட்டும் அடங்கும். த எதற்காகப் பணம் கொடுக்கிறார்? இனிமேல் வரப்போகும் இலாபத்திற்காக. லாரி விற்ற இலாபம் திரும்ப வராது, அதனால் அதைக் கழிக்கணும். 40,000 + 48,000 + 47,000 = 135,000. சராசரி 45,000, நற்பெயர் 90,000 ரிங்கிட்.

அடுத்து, யார் விட்டுக்கொடுத்தார்?

த பெறும் பங்கு 2/10. எனவே அவர் பொறுப்பு 90,000 × 2/10 = 18,000 ரிங்கிட். இதைக் கண்டதும் பலர் பழைய விகிதமான 3:2-இல் பிரித்து, கவுக்கு 10,800, சவுக்கு 7,200 என்று எழுதிடுறாங்க. த-வின் பங்கு மட்டும் தரப்பட்டு, பழையவர்களுக்கிடையே உள்ள விகிதம் மாறாதபோதுதான் அது சரி. இங்கே மாறியிருக்கு. ஒவ்வொருவருக்கும் பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழிங்க:

க: 6/10 − 5/10 = 1/10
ச: 4/10 − 3/10 = 1/10

தியாக விகிதம் 1:1. இருவருக்கும் தலா 9,000 ரிங்கிட். 3:2-இல் பிரித்தால் சவுக்கு 1,800 ரிங்கிட் குறைந்துவிடும். அவர் விட்டுக்கொடுத்த அதே அளவுதான் கவும் விட்டுக்கொடுத்தார், ஆனால் பணம் மட்டும் கவுக்கு அதிகம் போகும்.

இரண்டு வழி, ஒரே விடை

தியாக விகிதத்தைக் கேட்காத கேள்விகளில் வேறொரு பதிவு முறை வரும். முழு நற்பெயரையும் பழைய விகிதத்தில் பழைய கூட்டாளிகளின் மூலதனக் கணக்கில் வரவு வைத்து, பிறகு புதிய விகிதத்தில் எல்லாருக்கும் பற்று வைப்பார்கள். இப்படி நீக்குவதற்குக் காரணம் உண்டு: நிறுவனம் தானே வளர்த்த நற்பெயரைச் சொத்தாகப் பதியக்கூடாது என்று MFRS 138 சொல்கிறது.

| | க | ச | த |
|---|---|---|---|
| வரவு (3:2) | 54,000 | 36,000 | – |
| பற்று (5:3:2) | 45,000 | 27,000 | 18,000 |
| நிகரம் | +9,000 | +9,000 | −18,000 |

தியாக விகிதத்தில் கிடைத்த அதே தொகைதான். நிகரங்களைக் கூட்டினால் பூச்சியம் வரணும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கு. தேர்வில் இது ஒரு நிமிடச் சரிபார்ப்பு. ஆனால் 10,800, 7,200 என்ற தவறான பிரிப்பும் கூட்டினால் பூச்சியம்தான் தரும். அதனால் கழித்தல் படியைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்க.

பழைய கூட்டாளியின் பங்கு கூடினால்?

புதிய விகிதம் 7:1:2 என்று வைத்துப் பாருங்க. க: 6/10 − 7/10 = −1/10. கழித்தல் குறியைக் கண்டு மாணவர்கள் விடையை அழிச்சிடுறாங்க. அழிக்க வேண்டாம். க தியாகம் செய்யவில்லை, பெற்றிருக்கிறார் என்று பொருள். எனவே கவும் 9,000 தரணும், த 18,000 தரணும். இரண்டும் சேர்ந்த 27,000 ரிங்கிட், 3/10 பங்கை இழந்த சவுக்குப் போகும்.

கேள்வி விகிதத்தைச் சொல்லாவிட்டால்

மலேசியாவின் 1961 கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 26: ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இலாபம் சமமாகப் பிரியும். மூலதனம் ஒருவருக்கு 60,000, இன்னொருவருக்கு 20,000 என்றிருந்தாலும் பழைய விகிதம் 1:1 தான், 3:1 அல்ல. எல்லாப் பழைய கூட்டாளிகளும் சம்மதிக்காமல் புதியவரைச் சேர்க்க முடியாது என்பதும் அதே பிரிவில் உண்டு. தன் பங்கிலிருந்து எவ்வளவு போகுது, அதற்கு ஈடாக எவ்வளவு வருது என்று தெரிந்த பிறகுதானே ஒருவர் சம்மதிப்பார்? தியாக விகிதம் காட்டுவது அந்தக் கணக்கைத்தான்.