ஒரு குடுவையைக் கலக்காமல் விட்டால், அடுத்த குடுவைகளும் ஏன் பிழையாகின்றன?

டம்ளரில் நன்னாரிப் பாகு ஊற்றித் தண்ணீர் சேர்த்து, கலக்காமல் குடித்துப் பாருங்கள். மேலே வெறும் தண்ணீர், அடியில் திகட்டும் இனிப்பு.

ஆய்வகக் குடுவையிலும் இதுதான் நடக்கிறது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் பெர்மாங்கனேட் உள்ள கரைசலில் 1 மில்லி எடுத்து, 10 மில்லி குடுவையில் விட்டு, கோடுவரை தண்ணீர் நிரப்பினால் 100. அதிலிருந்து 1 மில்லி எடுத்து அப்படியே செய்தால் 10. பிறகு 1.

முதல் குடுவையைச் சரியாகக் கலக்கவில்லை என்று வையுங்கள். அடர்ந்த கரைசல் அடியில் தங்கும். பிப்பெட்டை அடியில் விட்டு உறிஞ்சினால் 100க்குப் பதில் 150 வரலாம். அப்புறம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடுத்தது 15, அதற்கடுத்தது 1.5.

சும்மா சுழற்றினால் போதாதா? போதாது. குறுகிய கழுத்தில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்காது. மூடியை அழுத்திப் பிடித்து, குடுவையைப் பத்துப் பன்னிரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். பின்வரும் கரைசல்கள் எல்லாம் ஒரே மடங்கில் தவறுவதால், அவற்றின் நிற அளவுகள் வரைபடத்தில் நேர்கோட்டிலேயே விழும். தனியாக எடைபோட்டுத் தயாரித்த இன்னொரு கரைசலோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.