ஆறு வரை எண்ணுங்கள், வேறுபாடு விளங்கும்

தாளக் கோட்பாட்டு இடுபணியில் சிங்கோபேஷன், ஹெமியோலா, பாலிரிதம் ஆகிய மூன்றையும் மாணவர்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1 முதல் 6 வரை சீராக, திரும்பத் திரும்ப எண்ணியபடி இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் 1, 3, 5 என்னும்போது காலால் தட்டுங்கள். 2, 4, 6 என்னும்போது கை தட்டுங்கள். கால் காட்டும் அடி மாறவில்லை. கைதட்டலின் அழுத்தம் மட்டும் அடிகளுக்கு இடையில் விழுகிறது. இதுதான் சிங்கோபேஷன்.

அடுத்து, காலை நிறுத்திவிட்டுக் கை மட்டும் தட்டுங்கள். ஒரு சுற்றில் 1, 4; மறு சுற்றில் 1, 3, 5. சுற்றின் நீளம் அதேதான். ஆனால் 3+3 என்ற பிரிவு 2+2+2 ஆகிவிட்டது. இது ஹெமியோலா. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1957) நாடகத்தின் ‘அமெரிக்கா’ பாடலில் இந்த இரு பிரிவுகளும் மாறி மாறி வருகின்றன.

இப்போது மேசையில், இடக்கையால் 1, 4. வலக்கையால் 1, 3, 5. இரண்டையும் ஒரே சுற்றில் தட்டுங்கள். 1, 3, 4, 5 ஒலிக்கும். 2, 6 மௌனமாகும். இது பாலிரிதம். இடக்கையின் 4, வலக்கையின் 3க்கும் 5க்கும் சரிநடுவில் விழ வேண்டும். அது 3உடன் ஒட்டிக்கொண்டால் தாளம் தவறிவிட்டது என்று பொருள்.

ஒரு கவனம்: இரண்டிலும் விகிதம் 3:2 என்பதால், ஒரே நேரத்தில் ஒலிப்பதையும் ஹெமியோலா என்று சொல்வோர் உண்டு. ஆகவே, பெயரோடு நிறுத்தாமல், ‘ஒன்றன்பின் ஒன்றாக’ அல்லது ‘ஒரே நேரத்தில்’ என்று விடையில் சேர்த்து எழுதுங்கள்.