மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள்

சென்னையில் வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் வாரச் சோதனை தண்ணீரால்தான் வரும். சாவி கைக்கு வந்துவிடும். ஆனால் மோட்டாரை எப்போது போடுவது, எந்தக் குழாயில் வருவது சமையலுக்கு ஆகும், வீட்டுக்காரரை எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதெல்லாம் அதுவரை குடியிருந்தவரின் தலைக்குள்ளேயே தங்கிவிடும். ஓர் ஆண்டு வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள், நல்ல வீட்டை விட மனமில்லாமல் தெரிந்தவருக்கு உள்வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அப்போது சிக்கல் இன்னும் கூடும். வருகிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் முன்பழக்கம் இருக்காது. எல்லாம் தெரிந்தவரோ ஊரில் இருக்கமாட்டார்.

மேற்கு மாம்பலத்தில் நான்கு போர்ஷன் கொண்ட ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்த தோழி, கோவைக்கு மாற்றலாகிப் போகும் முன் தனக்குப் பின் வரும் இளைஞருக்காக இரண்டு தாள் எழுதிவைத்தார். பலரும் எழுதும் குறிப்பில் “தண்ணீர் காலையில் வரும், பிரச்சினை இல்லை” என்பதோடு சரி. இவர் எழுதியது வேறு மாதிரி:

“தம்பி, மெட்ரோ வாட்டர் ஒன்று விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்கு வரும், ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். கீழே அடிபம்பில் முதல் பத்து அடியைக் கீழே விட்டுவிடுங்கள். அதன்பிறகு இரண்டு குடம் பிடித்துக்கொண்டால் குடிக்க, சமைக்கப் போதும். தண்ணீர் கலங்கலாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால் குடம் பிடிக்காதீர்கள். சம்புக்குப் போகும் வால்வை உடனே மூடிவிட்டுக் கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்.”

இந்தக் கடைசி வரி முக்கியமானது. கெட்ட தண்ணீர் ஒருமுறை சம்பில் கலந்துவிட்டால் நான்கு வீட்டுக்கும் போய்விடும். சம்பைக் காலி செய்து கழுவாமல் வேறு வழியில்லை. வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஓரத்தில் சிறு படமும் போட்டிருந்தார். புதியவருக்குத் தெரியாத இன்னொன்றையும் சேர்த்திருந்தார்: மெட்ரோ வாட்டர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கக் கூடாது. அது விதிமீறல், தெருவில் மற்ற வீடுகளுக்கு வரும் தண்ணீரும் குறையும்.

அடுத்தது மோட்டார். அந்த வீட்டில் ஒவ்வொரு போர்ஷனும் ஒரு வாரம் மோட்டார் போட வேண்டும். முறை என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்ற கணக்கு வேண்டும். மாடித் தொட்டி 2,000 லிட்டர். வீட்டில் மொத்தம் 10 பேர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களில் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு 1,350 லிட்டர் செலவாகும். ஆகவே நிறைந்த தொட்டி ஒன்றரை நாள் தாங்கும். தினமும் ஒருமுறை மோட்டார் போட்டால் போதும். அந்த மோட்டாருக்கு இதற்கு 40 நிமிடம் பிடிக்கும் என்று தோழி கடிகாரம் பார்த்து எழுதியிருந்தார். 40 நிமிடத்தில் மொட்டைமாடிக் குழாயிலிருந்து வழியும் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை என்றால்? இங்கேதான் அந்தத் தாளின் உண்மையான பயன். மோட்டார் சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கீச்சென்று கேட்டால், மேலே போகும் பைப்பைத் தொட்டால் ஓட்டத்தின் அதிர்வு இல்லை என்றால், மோட்டார் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது. உடனே நிறுத்த வேண்டும். பம்பின் உள்ளே இருக்கும் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. வெறுமனே ஓடினால் சூடேறிக் கருகி, பிறகு ஒழுகத் தொடங்கும். நிறுத்தியதும் சம்பு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லை என்றால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான். தண்ணீர் இருந்தால் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். பம்பின் மேலுள்ள மூடியைக் கழற்றி, நிரம்பி நிற்கும்வரை ஒரு சொம்பால் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டுப் போட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். ஊற்ற ஊற்ற நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் சம்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. அதற்குப் பிளம்பர்தான் வர வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் குடியிருப்பவர் கைவைக்கத் தேவையில்லை.

வீட்டின் கோளாறுகளையும் அவர் காரணத்தோடு எழுதியிருந்தார். மாடி வீட்டுக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். ஷவரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. தொட்டி மொட்டைமாடித் தரையில் இருப்பதால் மாடி வீட்டுக்குக் கிடைக்கும் உயரம் மிகக் குறைவு. கீழ்வீட்டில் இரண்டு குழாய் திறந்தால் இங்கே இன்னும் மெலியும். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவும் நேரமாகும், அது பழுதல்ல. காலை ஒன்பதுக்குப் பிறகு போட்டால் சரியாக ஏறும். கோடையில் சம்பில் போர் தண்ணீர் கலக்கும்போது குழாய் முனைகளில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துத் துடைத்தால் போய்விடும்.

வீட்டுக்காரரைப் பற்றி எழுதுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். “கொஞ்சம் கோபக்காரர்” என்று எழுதினால் வருகிறவருக்குப் பயம் வருமே தவிர எந்தப் பயனும் இல்லை. குணத்தை எழுத வேண்டாம், நடைமுறையை எழுதினால் போதும். தோழி எழுதியது: “ஐயா மதியம் இரண்டு முதல் நான்கு வரை தூங்குவார். அப்போது மோட்டார் போட வேண்டாம், போனும் வேண்டாம். வாடகை ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிட்டு ஒரு வார்த்தை போனில் சொல்லுங்கள், மெசேஜ் பார்க்கமாட்டார். மொட்டைமாடியில் துணி காயப்போடலாம், வடகம் போடுவதானால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்பேர் எதுவானாலும் முதலில் அவரிடம் சொல்லி, அவர் அனுப்பும் ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால் காசு திரும்பி வராது.” வீட்டுக்காரரே எடுத்துப் படித்தாலும் முகம் சுளிக்க இதில் ஒன்றுமில்லை. நல்ல குறிப்புக்கு அதுவே அளவு என்பது என் கருத்து.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், சாவி கைமாறும் நாளின் மீட்டர் அளவை இருவரும் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கணக்கெடுத்தபோது 18,250, சாவி கொடுத்த அன்று 18,432, அடுத்த கணக்கெடுப்பில் 18,720 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 470 யூனிட். அதில் 182 போகிறவருடையது, 288 வந்தவருடையது. பில் தொகையை இந்த விகிதத்தில் பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை. சுவரில் இருக்கும் ஓதம், உடைந்த டைல்ஸ், ஓட்டை விழுந்த கொசுவலை ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அந்தச் செலவு யார் அட்வான்ஸிலிருந்து கழியும் என்ற பேச்சு வரும்.

இத்தனைக்கும் மேலாக, அந்தத் தாளின் முதல் வரியில் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. “அவரிடம் வாயால் சொல்லிவிட்டேன்” என்பது செல்லாது. தோழி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட துணை ஒப்பந்தத்தின் நகலைத் தன் குறிப்போடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். உள்வாடகைக்குப் போகிறவர்கள் தண்ணீர் நேரத்தைக் கேட்பதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்; அது கைக்கு வராதவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.