பதவி உயர்வு வந்தாச்சு, ஆனா ஊரை விட்டு போக முடியல... ரயில்வே ஊழியர் எப்படி மறுக்கணும்?

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு பதவி உயர்வு வருகிறது என வைத்துக்கொள்வோம். போஸ்டிங் கரூரில். அம்மாவுக்கு கோவையில் வாரம் 3 நாள் டயாலிசிஸ். "அம்மாவ விட்டுட்டு எப்படிங்க போறது?" என்பதுதான் அவர் கவலை. இந்த வாய்ப்பை மறுத்தால் அடுத்த வாய்ப்பும் போய்விடுமா?

விதி என்ன சொல்கிறது?

தேர்வு மூலம் வரும் பதவி உயர்வை மறுப்பது பற்றி, ரயில்வே பணியாளர் கையேட்டின் 224-வது பத்தி சொல்கிறது. மறுத்தால் 1 ஆண்டுக்கு பதவி உயர்வு கிடையாது. ஆனால் அதே ஊரில், அதே பதவியில் தொடரலாம்.

சும்மா இருந்தால் தப்பிக்கலாமா?

முடியாது. எழுதிக் கொடுக்காமல், புதிய இடத்தில் சேராமலும் இருந்தால் அதுவும் மறுப்புதான். அதனால் காரணத்தை எழுத்தில் கொடுப்பதே நல்லது.

பேனல் தேதியைப் பாருங்கள்

1 ஆண்டு முடிந்த பிறகும் தேர்வுப் பட்டியல், அதாவது பேனல், செல்லுபடியாக இருந்தால்தான் பழைய தேர்வை வைத்தே பதவி உயர்வு கிடைக்கும். காலாவதி ஆகிவிட்டால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். உதாரணமாக பேனல் 2027 ஜனவரி வரை இருக்கிறது, நீங்கள் 2025 ஆகஸ்டில் மறுக்கிறீர்கள் என்றால் கவலையில்லை. 2026 மார்ச்சில் மறுத்தால், தடை முடிவதற்குள் பேனல் முடிந்துவிடும்.

இதற்கிடையே அதே பேனலில் இருந்து முன்னால் போனவர்கள் உங்களுக்கு சீனியர் ஆகிவிடுவார்கள். 1 ஆண்டு கழித்து மீண்டும் மறுத்தால் பேனலில் இருந்து பெயர் நீக்கப்படும். அதே கிரேடிலேயே வெளியூருக்கு மாற்றவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆக, 'முடியாது' என்பதை ஒருமுறைதான் நிம்மதியாகச் சொல்ல முடியும்.

சம்பளத்திலும் ஒரு சிக்கல்

பதவி உயர்வு இல்லாமல் தேங்கி நிற்பவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் எம்.ஏ.சி.பி. எனும் ஊதிய உயர்வு உண்டு. அதற்குத் தகுதி பெறும் முன்பே முறையான பதவி உயர்வை மறுத்திருந்தால், வாய்ப்பில்லாமல் தேங்கியவராகக் கருத மாட்டார்கள். அந்த உயர்வு கிடைக்காது. சர்வீஸ் 9 ஆண்டு தாண்டியவர்கள் கையெழுத்துப் போடும் முன் பர்சனல் பிரிவில் கேட்டுவிடுவது அவசியம்.

கடிதத்தில் எப்படி எழுதலாம்?

"எனக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நன்றி, காரணம், காலம், விருப்பம் என நான்கும் இருக்கட்டும்:

"பதவி உயர்வுக்கு என்னைத் தேர்வு செய்தமைக்கு நன்றி. என் தாயார் கோவையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் பெறுகிறார். உடனிருக்க வேறு ஆள் இல்லை. எனவே தற்போது கரூரில் சேர இயலாத நிலையில் உள்ளேன். ஓராண்டுக்குப் பின் விதிப்படி என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். அப்போது வெளியூரில் சேரவும் தயாராக இருக்கிறேன்."

மருத்துவச் சான்றை இணையுங்கள். கடைசி வரியை உண்மையிலேயே முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். கடிதம் கொடுத்ததும் தேதியுடன் முத்திரை வைத்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 ஆண்டைக் கணக்கிடும்போது கைகொடுக்கும்.