கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்

நூல் வியாபாரி ஒருவருக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி மூன்றரை லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன் செய்தால் எடுப்பதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் பெயரைத் தேடினால் Active என்று வருகிறது. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. அதே பக்கத்தில் கடைசிப் பொதுக்கூட்டத் தேதியும் கடைசி ஐந்தொகையின் தேதியும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். நாலு வருடத்துக்கு முந்தைய மார்ச் 31-இல் ஐந்தொகை நின்றுபோயிருந்தால், அது பெயரளவில் மட்டும் உயிரோடிருக்கும் கம்பெனி.

Dormant என்று வந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கம்பெனியே கேட்டு வாங்கும் உறக்கம் அது. வருங்காலத் திட்டத்துக்காகவோ, ஒரு சொத்தை வைத்திருப்பதற்காகவோ தொடங்கி, இப்போதைக்கு வரவு செலவு இல்லாத கம்பெனிகள் இப்படி இருக்கும்.

நம் வியாபாரி விழித்துக்கொள்ள வேண்டிய சொல் Under Process of Striking Off. இரண்டு நிதியாண்டாகத் தொழில் நடக்காத கம்பெனியைப் பதிவாளர் நீக்கலாம். கடன் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லி கம்பெனியே நீக்கக் கேட்கலாம். எப்படியானாலும் முதலில் பொது அறிவிப்பு வரும், ஆட்சேபிக்க 30 நாள் அவகாசம் உண்டு. பில், டெலிவரி சலான், பாக்கிக் கணக்கு இவற்றை வைத்துப் பதிவாளருக்கு எழுதினால் போதும், பெரிய செலவு கிடையாது. பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

விட்டுவிட்டால் Strike Off. 2017-இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இப்படி நீக்கப்பட்டன. கம்பெனி போனாலும் கடன் போகாது. இயக்குநர்களின் பொறுப்பும் தொடர்கிறது என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 248-ஆம் பிரிவு. ஆனால் வழி சுற்றுவழி. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு, பெயரை மறுபடி பதிவேட்டில் ஏற்றவைத்து, பிறகு பாக்கியைக் கேட்க வேண்டும்.

Under Liquidation என்பது வேறு கதை. அங்கே கலைப்பாளர் ஒருவர் சொத்தை விற்றுக்கொண்டிருப்பார். அவருடைய அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் உரிமைக்கோரிக்கை கொடுக்க வேண்டும். அடமானம் பிடித்த வங்கியும் தொழிலாளர் சம்பளமும் வரிசையில் முன்னால் நிற்கும். சரக்கு கொடுத்தவர் வெகு பின்னால், பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்பார்.

கடைசியாக, ஒரு கணக்கை மறக்க வேண்டாம். நீக்கிய கம்பெனியை மீட்கக் கடன்காரருக்குச் சட்டம் 20 ஆண்டு தருகிறது. பாக்கிக்காக வழக்குப் போடப் பொதுவாக உள்ள காலவரம்பு மூன்றே ஆண்டுதான்.