இரவில் மரத்துப்போகும் கை

நள்ளிரவில் கை மரத்து விழிப்பு வந்தால், எந்த விரல்கள் மரத்துள்ளன என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் இயல்பாக இருக்குமாயின், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுவதாக ஐயுறலாம். இதுவே கார்பல் டனல் நோய்.

அந்நரம்பு 9 தசைநாண்களுடன் ஒரு குறுகிய வழியில் செல்கிறது. உறக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டு மடங்கும்போது அவ்வழியில் அழுத்தம் கூடுகிறது. எனவேதான் பலர் எழுந்து கையை உதறுகிறார்கள். சற்று நேரத்தில் உணர்ச்சி திரும்புகிறது.

இரவில் அணியும் ஸ்பிளிண்டின் பணி, மணிக்கட்டை நேராக வைப்பது மட்டுமே. தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், கடையில் வாங்கிய ஸ்பிளிண்டை மூன்று வாரம் அணிந்தும் பயனில்லை என்று வந்தார். அதனுள் இருந்த உலோகத் தகடு கையைப் பின்புறமாக வளைத்திருந்தது. கடைகளில் கிடைப்பவற்றுள் பல இப்படித்தான் உள்ளன. பின்புறம் வளைந்தாலும் அழுத்தம் கூடும். இயன்முறை மருத்துவர் தகட்டை உருவி நேராக்கிக் கொடுத்தபின், சில நாட்களில் அவரது உறக்கம் சீரானது.

அணிந்த கையைப் பக்கவாட்டில் பாருங்கள்: புறங்கையும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் தடையின்றி மடங்க வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை அழுத்தும். நாள்தோறும் இரவில் ஆறு வாரமேனும் அணிந்து பார்ப்பது வழக்கம்.

பகலிலும் மரமரப்பு நீங்காதிருந்தாலும், பொருட்கள் கைநழுவினாலும், கட்டைவிரலின் அடித்தசை மெலிந்தாலும் ஆறு வாரம் காத்திராமல் மருத்துவரிடம் வாருங்கள்.