கறுப்பு, எல் சைஸ் இருக்கா?

வியட்நாமில் சின்னக் கடைகள் பலவற்றுக்குத் தனி இணையதளம் கிடையாது. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம், பெயர்ப் பலகையில் ஒரு ஸாலோ எண், அவ்வளவுதான். ஸாலோ 2012இல் வந்த உள்நாட்டுச் செயலி. நமக்கு வாட்ஸாப் எப்படியோ, அவர்களுக்கு அது. பக்கத்தில் நூற்றுக்கணக்கில் படங்கள் கிடக்கும். ஆனால் அவற்றில் எது இன்றைக்குக் கடையில் இருக்கிறது, எது போன வருடமே விற்றுப்போனது என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பது சுலபம். நான்கைந்து சொற்களை மனப்பாடம் செய்தால் போதும். வருகிற பதிலைப் புரிந்துகொள்வதில்தான் புதிதாகப் போனவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஹோ சி மின் நகரத்துக்கு வேலைக்குப் போன ஒருவர் ஹெல்மெட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பேச்சில் அந்த ஊர் இன்னும் சைகோன்தான். 2007 டிசம்பர் 15 முதல் அந்த நாட்டில் எல்லாச் சாலைகளிலும் வண்டி ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால், வந்திறங்கியதும் வாங்க வேண்டிய சாமான் இது. தெற்கே இதை ‘நோன் பாவ் ஹியெம்’ என்பார்கள். ஹனோயில் ‘நோன்’ போய் ‘மூ’ வந்துவிடும். பிடித்த படத்தை எடுத்து அனுப்பி, கீழே ஒரு வரி தட்டினால் போதும்:

```
Shop ơi, nón này màu đen size L còn hàng không ạ?
```

‘கடைக்காரரே, இந்த ஹெல்மெட் கறுப்பில், எல் சைஸில் இருக்கா?’ என்று பொருள். ‘ஷாப்’, ‘சைஸ்’, ‘ஷிப்’ எல்லாம் அங்கேயும் அப்படியேதான் புழங்குகின்றன. முதலில் வரும் ‘ஒய்’ நம் காதில் அதட்டலாக விழும். அங்கே அது அன்பாகக் கூப்பிடுவது. கடைசியில் நிற்கும் ‘ஆ’ மரியாதைக்கு. தொண்டையில் வெட்டி நிறுத்தினாற்போல் குட்டையாகச் சொல்ல வேண்டும். எழுதும்போது அதை விட்டால் குற்றமில்லை, கொஞ்சம் விறைப்பாகத் தெரியும்.

கேள்வியின் உயிர் ‘கொன் … கோங்’ என்ற ஜோடியில் இருக்கிறது. ‘கோங்’ என்று சொல்லி முடிக்கும்போது உதடு மூடிக்கொள்ள வேண்டும். ‘கொன்’ என்றால் இன்னும் மிச்சமிருப்பது, ‘ஹாங்’ என்றால் சரக்கு. படம் போட்டிருக்கிற பொருள் அந்தக் கடையில் விற்பதுதான் என்பது தெரிந்த விஷயம். மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் ‘கொன்’னுக்குப் பதிலாக, ‘உண்டா’ என்று பொதுவாகக் கேட்கும் ‘கோ’வைப் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் ‘உங்கள் கடையில் இந்த வகை விற்பதுண்டா’ என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டு, ‘உண்டு’ என்று சொல்லிவிடக்கூடும். அந்த எல் சைஸ் இன்றைக்கு அலமாரியில் இருக்கிறதா என்பது அப்போதும் தெரியாது.

இருந்தால் ‘கொன்’ என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ‘ஹெட் ரோய்’, அதாவது தீர்ந்துவிட்டது. தமிழில் ‘இருக்கா’ என்றால் ‘இருக்கு’, ‘தீர்ந்துபோச்சு’ என்பதைப் போலவே. ஆமாம், இல்லை என்ற சொற்களைத் தேடிக்கொண்டிருந்தால் பதில் கைநழுவிவிடும்.

நம் ஆளுக்கு இப்படி ஒரு பதில் வருகிறது:

```
Dạ đen L hết rồi ạ. Xám L còn, đen L tuần sau về.
```

முதல் சொல் ‘யா’. ஹனோய்க்காரர்கள் வாயில் அது ‘ஸா’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். இந்தச் சொல்லை ‘ஆமாம்’ என்று படித்தவர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டு, ஹெல்மெட் இருப்பதாக மகிழ்ந்துபோவார்கள். இங்கே அது ‘சொல்லுங்கள், கேட்டேன்’ என்கிற பணிவு மட்டும். உண்மையான பதில் பின்னால் வருகிறது: கறுப்பு எல் தீர்ந்துவிட்டது, சாம்பல் எல் இருக்கிறது, கறுப்பு எல் அடுத்த வாரம் வரும். கடைக்காரர் வாயிலிருந்து இனிமையான ‘யா’ வந்தால் சந்தோஷப்படாமல் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். ‘தீர்ந்துபோச்சா?’ என்று எதிர்மறையாகக் கேட்டுவிட்டால் ‘யா’ என்பது ‘ஆமாம், தீர்ந்துபோச்சு’ என்றாகும். இது நமக்குப் பழக்கப்பட்டதுதான்.

அடுத்த வாரம் என்ற வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பது சரக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘கோ சான்’ என்றால் கையிலேயே இருக்கிறது. ‘ஹாங் ஆர்டர்’ என்றால் நீங்கள் சொன்ன பிறகுதான் வெளியிலிருந்து வரவழைப்பார்கள். அதற்கு ‘கோக்’ என்று முன்பணம் கேட்பார்கள். இந்த இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணப் பேச்சுக்குப் போகக் கூடாது. ஒரு வாரம் கழித்து ‘வந்தாச்சா’ என்று கேட்க, ‘கோங்’ இருந்த இடத்தில் ‘சுவா’ போட்டு ‘ஹாங் வே சுவா’ என்பார்கள். பதில் ‘சுவா’ என்றால் இன்னும் இல்லை. ‘வே ரோய்’ என்றால் வந்துவிட்டது.

யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அக்கா, அண்ணன் என்று கடைக்காரரைக் கூப்பிடுவது நமக்கும் வழக்கம்தான். ஆனால் ‘அக்கா’ என்று கூப்பிட்டாலும் நாம் ‘நான்’ என்றே பேசுவோம். வியட்நாமில் ‘சி’ (அக்கா) என்று கூப்பிட்ட கணமே நீங்கள் ‘எம்’, தம்பி அல்லது தங்கை ஆகிவிடுகிறீர்கள். ‘நான்’ என்ற இடமெல்லாம் ‘எம்’தான். வியாபாரி வயதில் மூத்தவரானாலும் வாடிக்கையாளரை அண்ணன், அக்கா என்று உயர்த்தி, தன்னை ‘எம்’ என்று தாழ்த்திப் பேசுவது கடைத்தெரு வழக்கம். அதை வைத்து உங்களுக்கு வயதாகிவிட்டது என்று வருந்த வேண்டாம். அரட்டையில் எதிரே இருப்பவர் ஆணா, பெண்ணா, என்ன வயது என்று தெரியாதபோது அவரை ‘ஷாப்’ என்றும் தன்னை ‘மின்’ என்றும் சொல்லிக்கொள்வது எல்லாருக்கும் பொருந்தும்.

நம் ஆள் சாம்பல் நிறத்துக்கு இறங்கி வருகிறார். அடுத்தது வீட்டுக்குக் கொண்டுவரும் பேச்சு:

```
Shop có ship về Gò Vấp không ạ? Phí ship bao nhiêu?
```

‘கோ வாப் பகுதிக்கு அனுப்புவீர்களா? கட்டணம் எவ்வளவு?’ இங்கே ‘கோ … கோங்’ சரியான ஜோடி. பதிலில் 30k என்று வந்தால் முப்பதாயிரம் டாங். வாயால் சொல்லும்போது ஆயிரம் என்பதையே விட்டுவிடுவார்கள். ‘பா சாம் ரூயி’, முன்னூற்று ஐம்பது என்றால் 3,50,000 டாங் என்று தானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முகவரியில்தான் இப்போது பெரிய குழப்பம். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் மாகாணங்களும் பெருநகரங்களும் 63இலிருந்து 34 ஆகக் குறைந்தன. மாவட்டம் என்ற அடுக்கே எடுக்கப்பட்டது. கோ வாப் அதுவரை ஒரு மாவட்டம். இப்போது அந்தப் பழைய மாவட்டத்துக்குள் ஒரு வார்டுக்கு மட்டும் அந்தப் பெயர். மக்கள் வாயில் பழைய கோ வாப் முழுவதும் இன்னும் கோ வாப்தான். அதனால் தெரிந்தவர்கள் தெருப் பெயரோடு, புது வார்டுப் பெயரையும் பழைய மாவட்டப் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். அதே சீர்திருத்தத்தில் பக்கத்து மாகாணங்களான பின் சுவோங்கும் பா ரியா-வுங் தாவும் ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டன. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வுங் தாவ் கடற்கரையும் இன்று காகிதத்தில் அதே நகரம்தான். ‘நகருக்குள் டெலிவரி இலவசம்’ என்று கடை போட்டிருந்தால் எந்த நகரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டு எண்ணும் பார்க்கிறவரைத் திணறடிக்கும். 25/14/3 என்றால், பெரிய தெருவில் 25ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் பிரியும் சந்துக்குள் போய், அதில் 14ஆம் எண்ணில் கிளைக்கும் சந்தில் திரும்பி, மூன்றாம் எண் வீடு. இந்தச் சந்துக்குத் தெற்கே ‘ஹெம்’ என்று பெயர். ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டால் உங்கள் ஹெல்மெட் வேறு சந்துக்குப் போய்விடும். பொருளைக் கொண்டுவருபவரை அவர்களும் ‘ஷிப்பர்’ என்றே சொல்கிறார்கள். அவர் கடைசி இருநூறு மீட்டரைத் தொலைபேசியில் கேட்டுத்தான் வருவார். ஆகவே உள்ளூர் எண் இல்லாமல் ஆர்டர் நகராது. அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதவர்களின் பொட்டலம் கடைக்கே திரும்பும்.

பணத்துக்கு இரண்டு வழிகள். முன்கூட்டியே வங்கி மூலம் அனுப்பலாம். அல்லது பொருள் வந்ததும் கொடுக்கலாம். ஹெல்மெட் தலைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருப்பதால் நம் ஆள் இப்படிக் கேட்கிறார்:

```
Cho mình kiểm tra hàng trước rồi trả tiền được không ạ?
```

‘பார்த்துவிட்டுப் பணம் தரலாமா?’ பெட்டியைத் திறந்து பார்க்கச் சில கடைகள் விடும். போட்டுப் பார்க்க எல்லாரும் விடமாட்டார்கள். இதை ஷிப்பரிடம் வாசலில் வாதாடிப் பயனில்லை, முதலிலேயே கடையிடம் பேசிக்கொள்ள வேண்டும். ஆர்டர் செய்துவிட்டு வாங்காமல் டிமிக்கி கொடுப்பதை அங்கே ‘பாம் ஹாங்’, அதாவது குண்டு போடுவது என்கிறார்கள். போகவர ஆகும் செலவு கடையின் தலையில் விழுவதால் அப்படிச் செய்தவரின் எண்ணைக் கடைக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஷிப்பர் போல நடித்து ஏமாற்றுவது அங்கே அடிக்கடி செய்தியில் வரும் மோசடி. ஆள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அழைத்து, ‘பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன், பணத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்கள்’ என்பார்கள். பொருளைக் கையில் வாங்குமுன் பணம் அனுப்பாமல் இருப்பதே தற்காப்பு.

எல்லாம் பேசி முடித்ததும் ‘சோட்’, ஆர்டரை உறுதி செய்கிறேன் என்று நிறம், சைஸ், பெயர், எண், முகவரி ஐந்தையும் ஒரே செய்தியில் அனுப்ப வேண்டும். கடை அதைத் திருப்பி அனுப்பித் தொகையைச் சொல்லும். ஹெல்மெட் 350k, கட்டணம் 30k என்றால் 380k. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் சரியான சில்லறையை எடுத்துவைப்பது நல்லது, ஷிப்பரிடம் மீதி இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும் அவசரத்தில் நோட்டின் நிறத்தை மட்டும் பார்த்து நீட்டக் கூடாது. இருபதாயிரம் டாங், ஐந்து லட்சம் டாங் இரண்டுமே நீல நிறம்.